'உண்டு' என்றால் எவ்வளவு?

கல்யாண மண்டபக்காரர்கள் தரும் விவரத்தாளை யாரும் படிப்பதில்லை என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை பெண்கள் படிக்கிறார்கள். ஆண்கள் மண்டபத்தை நேரில் போய்ப் பார்க்கிறார்கள், மேடையின் அகலத்தையும் வண்டி நிறுத்த இடத்தையும் பார்க்கிறார்கள், வாடகையில் ஐயாயிரம் குறைத்துப் பேசிவிட்ட திருப்தியோடு வருகிறார்கள், தாளை மேசைமேல் போடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாள் பெண்ணின் அம்மாவிடம் இருக்கிறது. எத்தனை பேரைக் கூப்பிடலாம், சமையல்காரர் எத்தனை மணிக்கு உள்ளே போகலாம், வெளியூர்ச் சொந்தங்களை எந்த அறையில் படுக்க வைப்பது, கையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் இருப்பதில்லை.

என்னிடம் முதுகலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, திருச்சிக்கு மேற்கே ஒரு சிறு நகரத்தில் தன் குடும்பத்து மண்டபத்தை இப்போது கவனித்துக்கொள்கிறாள். அப்பாவுக்கு முட்டிவலி அதிகமானதால் கணக்கும் சாவியும் அவள் கைக்கு வந்துவிட்டன. விவரத்தாளை மறுபடி அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் எனக்கு அனுப்பினாள். "பிழை மட்டும் பாத்துக் குடுங்க மேடம்" என்றாள். பிழை என்று பார்த்தால் இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் நான்கு பக்கத்தையும் படித்து முடித்தபின், அங்கே ஒரு கல்யாணம் நடத்த எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருத்திக்கே தெரியவில்லை என்றால், குறை படிப்பவரிடம் இல்லை.

அந்தத் தாளில் அதிகம் வந்த சொல் 'உண்டு'. ஜெனரேட்டர் வசதி உண்டு. கேஸ் அடுப்பு உண்டு. ஏசி அறைகள் உண்டு. சமையல் பாத்திரங்கள் உண்டு. தமிழில் 'உண்டு' என்பது ஒரு பொருள் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது வாடகைக்குள் வருகிறதா என்று சொல்லாது. படிக்கும் குடும்பமோ 'உண்டு' என்றால் 'கொடுத்துவிடுவார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது. ஜெனரேட்டர் இருக்கிறது, ஓடினால் மணிக்கு இவ்வளவு. அடுப்பு இருக்கிறது, சிலிண்டருக்குத் தனியாக. அறையில் ஏசி இருக்கிறது, அது ஓடும் மின்சாரம் மீட்டரில் ஏறும். ஒரு சொல்லின் இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான், கல்யாணத்தன்று மத்தியானம் பில்லாக வருகிறது.

இரண்டாவது, செயப்பாட்டுவினை. 'கூடுதல் நேரத்திற்குக் கட்டணம் வசூலிக்கப்படும்.' 'பயன்பாட்டின் அடிப்படையில் மின்கட்டணம் கணக்கிடப்படும்.' 'சேதாரம் ஈடுசெய்யப்பட வேண்டும்.' யார் வசூலிப்பார், எவ்வளவு, எப்போது, எதை வைத்துக் கணக்கிடுவார் என்பது எதிலும் இல்லை. செய்பவரை மறைக்க விரும்பும் எழுத்துக்கு இந்த வினை வசதியானது. அரசாணைகளிலும் மருத்துவமனைப் பலகைகளிலும் நாம் இதற்குப் பழகிவிட்டோம்.

எழுதியவர் ஏமாற்ற நினைத்து இப்படி எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. மாணவியின் அப்பா வேறு ஒரு மண்டபத்தின் தாளைப் பார்த்து எழுதியிருப்பார், அந்த மண்டபத்துக்காரர் இன்னொன்றைப் பார்த்து எழுதியிருப்பார். ஆனால் விளைவு ஒன்றுதான். அதைக் காட்டுவதற்காக, வேறொரு மண்டபத்தில் நடந்த என் சித்தி மகள் கல்யாணத்தின் பில்லை மாணவியிடம் எடுத்துப்போனேன். சித்தி அதை இன்னும் நகைக்கடைப் பைக்குள் வைத்திருக்கிறார்.

அந்த மண்டபத்தின் வாடகை 75,000 ரூபாய். தாளில் பெரிய எழுத்தில் இருந்தது அந்த எண் ஒன்றுதான். அடியில் சின்ன எழுத்தில் 'மின்சாரம், சுத்தம், இதர கட்டணங்கள் தனி' என்று இருந்தது. கல்யாணத்தன்று பில்லில் வந்தவை இவை: மின்சாரம் 640 யூனிட், யூனிட்டுக்கு 20 ரூபாய் வீதம் 12,800. ஜெனரேட்டர் மூன்று மணி நேரம், 6,000. சுத்தம், 6,000. சிலிண்டர் நான்கு, 8,800. கூடுதல் நேரம் இரண்டு மணி, 6,000. குறைந்த பாத்திரங்களுக்கு 1,400. வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 13,500. வாடகைக்குமேல் 54,500 ரூபாய். 75,000 என்று நினைத்த மண்டபம் 1,29,500 ஆனது.

இந்தத் தொகையில் எதுவும் அநியாய விலை இல்லை என்றுகூட ஒருவர் வாதாடலாம். மின்சாரம் ஓடியது, சிலிண்டர் எரிந்தது. ஆனால் அது எந்த நேரத்தில், யார் கையில் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வாசலில் சம்பந்தி வீட்டாருக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பில்லை, சாமான் அறைச் சாவியை வைத்திருந்த சித்தியிடம் நீட்டினார். பெண் அனுப்பும் நேரத்தில் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய் மீட்டர் ரீடிங்கைச் சரிபார்க்க மாட்டார். சண்டை போட்டால் சம்பந்தி காதில் விழும் என்று பயப்படுவார். அண்ணனிடமிருந்து மொய்ப் பையை வாங்கி, கவர்களைப் பிரித்து எண்ணிக் கொடுத்தார். பில் தொகையில் பாதிக்குமேல் அவருக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. அடுத்த மாதம் ஒரு வளையல் அடகுக்குப் போனது. "நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ரெண்டு சீட்டு முன்னாடியே எடுத்திருப்பேன்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். பணம் அதிகம் என்பதைவிட, முன்னால் தெரியவில்லை என்பதுதான் அவருடைய குறை.

பில்லைப் பார்த்த மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பில்லும் இப்படித்தான் மேடம் வரும்" என்றாள். அடுத்த ஞாயிறு, முகூர்த்தம் இல்லாத நாள், நான் மண்டபத்துக்குப் போனேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தோம்.

தாளில் '1000 பேர் அமரக்கூடிய விசாலமான அரங்கம்' என்று இருந்தது. அரங்கத்தில் நாற்காலி 520. ஆயிரம் என்பது அரங்கம், உணவுக்கூடம், முன்வாசல் எல்லாவற்றையும் சேர்த்து அப்பா மனதில் போட்ட கணக்கு. உண்மையில் ஒரு மண்டபத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பது அரங்கம் அல்ல, உணவுக்கூடம். அரங்கத்தில் இடமில்லாதவர்கள் ஓரமாக நிற்பார்கள், வாசலில் பேசிக்கொண்டிருப்பார்கள். இலைக்குமுன் நிற்க முடியாது. இவர்கள் உணவுக்கூடத்தில் ஒரு பந்திக்கு 180 பேர் உட்காரலாம். உட்கார்ந்து, பரிமாறி, சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்த பந்திக்கு இலை போட முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் குறையும், ஆனால் அப்போது பாயசம் வருவதற்குள் எழுந்துகொள்ளச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது 700 பேர் வரும் ஒரு கல்யாணத்தை வைத்துக்கொள்வோம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. சாப்பாடு பத்தரைக்கு ஆரம்பம். 700 பேருக்கு நான்கு பந்தி வேண்டும், ஒன்றரை மணிக்கு முடியும். அதற்குப் பிறகுதான் ஐந்தாவது பந்தி. பெண்ணின் அம்மா, அத்தை, சித்திகள், பந்தி விசாரித்தவர்கள், ஆரத்தித் தட்டு எடுத்தவர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்த் திரும்பியவர்கள், பரிமாறியவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள். அது முடியும்போது இரண்டேகால். மண்டபத்தை இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஆகவே கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களின் கால் பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றித் தள்ளுவார்கள், அல்லது அவர்கள் சாப்பிடாமலேயே சாமான் கட்டுவார்கள். நம்மில் பலர் நம் வீட்டுக் கல்யாணங்களில் அப்படிச் சாப்பிட்டிருக்கிறோம், அல்லது சாப்பிடாமல் இருந்திருக்கிறோம். அதை நாம் வழக்கம் என்று நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு வழக்கம், இன்னொரு பங்கு தாளில் தப்பாகப் போட்ட ஆயிரம் என்ற எண்.

எனவே ஒரே எண்ணை எடுத்துவிட்டு, வேளைவாரியாக எழுதினோம். 'அரங்கில் நாற்காலி 520. உணவுக்கூடத்தில் ஒரு பந்திக்கு 180 பேர், ஒரு பந்திக்கு முக்கால் மணி நேரம். மதியம் 540 விருந்தினர் மூன்று பந்தியில் சாப்பிடலாம். நான்காவது பந்தி வீட்டாருக்கும் வேலை செய்பவர்களுக்கும். பத்தரைக்குத் தொடங்கினால் ஒன்றரைக்கு முடியும். இரவு வரவேற்பில் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் நான்கு பந்தியில் 720 பேர் சாப்பிடலாம்.' வரவேற்புக்கு வருபவர்கள் விட்டுவிட்டு வருவார்கள், அரங்கில் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார்கள். அதனால் இரவுக்கு அதிகம் சொல்ல முடிகிறது. அழைப்பிதழ் கொடுக்கும்போதே இது தெரிந்தால், அலுவலக நண்பர்களை இரவுக்கும் சொந்தங்களைக் காலைக்கும் அழைக்கலாம். நான்காவது பந்தி யாருக்கு என்று அச்சிலேயே போட வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். வீட்டுப் பெண்களையும் பாத்திரம் கழுவுகிறவர்களையும் சாப்பிடுகிறவர்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட மண்டபத் தாளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது நேரம். பழைய தாளில் 'வாடகை 24 மணி நேரத்திற்கு' என்று ஓரிடத்திலும், 'மாலை 3 முதல் மறுநாள் 2 வரை' என்று இன்னோரிடத்திலும் இருந்தது. எண்ணிப் பார்த்தால் இது 23 மணி நேரம். அதைவிடப் பெரிய சிக்கல் 'காலி செய்ய வேண்டும்' என்ற தொடரில் இருந்தது. குடும்பத்தைப் பொறுத்தவரை ஆட்கள் வெளியேறினால் காலி. மண்டபத்தைப் பொறுத்தவரை சமையல்காரரின் கடைசி அண்டாவும், அலங்காரக்காரரின் கடைசிக் கம்பமும் வெளியே போனால்தான் காலி. சித்தி வீட்டில் கூடுதலாகக் கொடுத்த இரண்டு மணி நேரம் இதுதான். உறவினர்கள் ஒன்றே முக்காலுக்கே கிளம்பிவிட்டார்கள். மேடை அலங்காரத்தைப் பிரிக்கிற பையன்கள் வேறொரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு மூன்றரைக்கு வந்தார்கள், நான்கு மணிக்குப் போனார்கள். காசு அலங்காரக்காரர் கொடுக்கவில்லை, சித்தி கொடுத்தார்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வரும். இன்று கல்யாணம் முடிகிற மண்டபத்துக்குள் நாளைய கல்யாணக்காரர்கள் இன்று மாலையே வருவார்கள். நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் நான்கு பெண்கள் அரங்கம், உணவுக்கூடம், அறைகள், கழிப்பறைகள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் தாமதித்தால் அது அந்த நான்கு பெண்களின் நேரத்திலிருந்துதான் போகிறது. கூடுதல் நேரக் கட்டணம் மண்டபத்துக்கு வருகிறது, அவர்களுக்கு வருவதில்லை. இதை மாணவியிடம் கேட்டபோது, அந்தக் கட்டணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டாள். அதைத் தாளிலும் போட்டாள். எதற்காகக் காசு கேட்கிறார்கள் என்று தெரிந்தால் கொடுப்பவருக்கும் எரிச்சல் குறையும் என்பது அவள் கணக்கு.

புதிய தாளில் நேரத்தை நான்கு வரியாகப் பிரித்தோம். 'முதல் நாள் மாலை 4 மணிக்குச் சாவி. மறுநாள் மதியம் 2 மணிக்குள் குடும்பத்தாரும் விருந்தினரும் கிளம்ப வேண்டும். 3 மணிக்குள் சமையல், அலங்காரச் சாமான்கள் வெளியே போக வேண்டும். 3 மணிக்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2,500 ரூபாய், முதல் 15 நிமிடத்துக்குக் கட்டணம் இல்லை.' அதன்கீழ், 'உங்கள் சமையல்காரரிடமும் அலங்காரக்காரரிடமும் இந்த 3 மணியைச் சொல்லி, அவர்கள் தாமதித்தால் யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி. முதல் நாள் மண்டபம் காலியாக இருந்தால் காலை 10 மணிக்கே அலங்காரத்துக்கு விடுவார்கள். ஆனால் அது மூன்று நாள் முன்புதான் உறுதியாகும் என்பதையும் சேர்த்தோம். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. வாசலில் பாட்டுக் கச்சேரி வைக்க நினைப்பவர்களுக்கு அதையும் நேரத்தோடு சேர்த்தே சொன்னோம்.

வாடகைக்குள் என்ன வரும் என்ற பகுதியில் 'உண்டு' என்ற சொல்லையே நீக்கினேன். மூன்று பத்தியாகப் பிரித்தோம். 'வாடகையில் அடங்கியவை', 'கேட்டால் கிடைக்கும், தனிக் கட்டணம்', 'எங்களிடம் இல்லாதவை'. முதல் இரண்டும் எளிதாக நிரம்பின. முன்பு தனியாக வாங்கிய சுத்தச் செலவை வாடகைக்குள் கொண்டுவந்தாள். சுத்தம் செய்யாமல் யாருக்கும் விடப் போவதில்லை என்னும்போது, அதைத் தனியாகக் காட்டுவது வாடகையைக் குறைத்துக் காட்டத்தான். 75,000 என்றிருந்த வாடகை 80,000 ஆனது. விழா நடக்கும்போது கழிப்பறைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்பதையும் அடங்கியவற்றில் சேர்த்தாள். பட்டுப்புடவையோடு இரவு ஒன்பது மணிக்கு மண்டபக் கழிப்பறைக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது பத்திக்கு மாணவியின் அப்பா எதிர்ப்புச் சொன்னார். இல்லாததை எதற்கு எழுத வேண்டும் என்றார். ஆனால் மிக முக்கியமான செய்தி அங்கேதான் இருந்தது. உணவுக்கூடம் மாடியில், 22 படி, லிஃப்ட் கிடையாது. பழைய தாளில் இது எங்கும் இல்லை. முட்டிவலிக்காரரான அவரே மாடிக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. "உங்க வயசுப் பாட்டிங்க எப்படிப்பா ஏறுவாங்க?" என்று மகள் கேட்டதும் அமைதியானார். இப்போது அந்தப் பத்தியில், 'லிஃப்ட் இல்லை. படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் 20 பேர் சாப்பிட மேசை போட்டுத் தருகிறோம், முன்பே சொல்லுங்கள்' என்று இருக்கிறது. இல்லாததை எழுதப் போனதால் புதிதாக ஒரு ஏற்பாடு வந்தது.

அறைகளை எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை அறை பெரியது, ஏசி, உள்ளேயே குளியலறை. பெண் அறை சின்னது, மின்விசிறி, குளியலறை வராந்தாவின் கடைசியில். மேக்கப், புடவை மாற்றுவது, நகைப் பெட்டி, பத்துப் பெண்கள் எல்லாம் அந்தச் சின்ன அறையில். பழைய தாள் இரண்டையும் 'மணமக்கள் அறைகள்' என்று ஒன்றாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தது. சுவரை இடிக்க முடியாது, தாளில் பெயரை மாற்ற முடியும். 'பெரிய அறை: ஏசி, இணைந்த குளியலறை. சிறிய அறை: மின்விசிறி, குளியலறை வெளியே. யாருக்கு எது என்பது உங்கள் விருப்பம்' என்று எழுதினோம். யாராவது மாற்றிக் கேட்பார்களா என்று தெரியாது. கேட்கலாம் என்பது இப்போது அச்சில் இருக்கிறது.

கூடுதல் கட்டணங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்த வரியிலும் விலை, அளவு, அளக்கும் முறை மூன்றும் இருக்க வேண்டும். 'மின்சாரம் யூனிட்டுக்கு 18 ரூபாய். சாவி தரும்போதும் திரும்ப வாங்கும்போதும் மீட்டர் எண்ணை உங்கள் வீட்டார் ஒருவர் முன்னால் எழுதி, இருவரும் கையெழுத்திடுவோம். ஜெனரேட்டர் மணிக்கு 1,800, டீசல் சேர்த்து. மின்சாரம் போனால் மட்டும் ஓடும், அதற்கும் தனி மீட்டர் உண்டு. சிலிண்டர் 19 கிலோ, ஒன்று 2,200. பிரிக்காத சிலிண்டருக்குக் காசு இல்லை. பாத்திரங்கள் எண்ணித் தருவோம், எண்ணி வாங்குவோம். காணாமல் போனால் பட்டியலில் உள்ள விலை.' எல்லா விலைகளும் ஜிஎஸ்டி சேர்த்தவை என்றும், வாடகை வரியோடு 94,400 என்றும் முதல் பக்கத்திலேயே போட்டோம். 18 சதவீதத்தைக் கடைசி வரியில் சேர்க்கும்போதுதான் குடும்பத்தின் கணக்கு உடைகிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு மாதிரிக் கணக்கு. 500 பேர் சாப்பிடும் ஒரு கல்யாணம்: வரியோடு வாடகை 94,400, மின்சாரம் 600 யூனிட்டுக்கு 10,800, ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் 3,600, சிலிண்டர் நான்கு 8,800. மொத்தம் 1,17,600. வெயில் காலத்தில் மின்சாரம் இதைவிடக் கூடும் என்று ஒரு குறிப்பு. பில்லை 2 மணிக்கு நீட்டாமல், முன்தினம் இரவே அதுவரையான கணக்கைக் காட்டுவோம் என்றும், பில்லை வாங்கிச் சரிபார்ப்பவர் யார் என்பதை முன்பதிவின்போதே எழுதி வாங்குவோம் என்றும் சேர்த்தாள். பெண்ணின் அம்மா அந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம், வேறு ஒருவரிடம் விடலாம். கையில் சாவி இருந்த ஒரே காரணத்துக்காக அது அவர் தலையில் விழாது.

அப்பாவின் பெரிய பயம் இதற்குப் பிறகுதான் வந்தது. "இப்படி எல்லாத்தையும் போட்டா, பக்கத்து மண்டபம் எழுபதாயிரம்னு போட்டிருக்கான், அங்க போயிருவாங்கம்மா" என்றார். இது நியாயமான பயம். முழு விலையைச் சொல்பவர், அரை விலையைச் சொல்பவருக்குப் பக்கத்தில் விலை கூடியவராகத்தான் தெரிவார். அதனால் மாதிரிக் கணக்கின்கீழ் ஐந்து கேள்விகளைப் போட்டோம். வரி சேர்த்து வாடகை எவ்வளவு, மின்சாரம் யூனிட் எவ்வளவு, ஒரு பந்திக்கு எத்தனை பேர், சாமான்கள் எத்தனை மணிக்குள் போக வேண்டும், சுத்தத்துக்குத் தனியாக உண்டா. 'எந்த மண்டபத்தைப் பார்த்தாலும் இந்த ஐந்தையும் கேட்டு, இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.' அப்பா முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சீசன் பார்க்கலாம் என்றார்.

அச்சுக்குப் போகுமுன் தாளை மூன்று பெண்களிடம் கொடுத்தோம். மாணவியின் அம்மா, மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் ஒரு அக்கா, சுத்தம் செய்யும் நால்வரில் மூத்தவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "அறுநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. முடியுமா? கையில எவ்வளவு வச்சுக்கணும்?" என்று கேட்டு, விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்தோம். சுய உதவிக் குழு அக்கா உடனே, "அறுபது பேரு மிஞ்சுறாங்களே, அவங்க நாலாம் பந்தி. அப்ப வீட்டுக்காரங்க எங்க உக்கார்றது?" என்றார். தாள் வேலை செய்கிறது என்று அப்போது தெரிந்தது. 'இணைந்த குளியலறை' என்ற இடத்தில் மாணவியின் அம்மா தயங்கினார், அதை 'அறைக்குள்ளேயே குளியலறை' என்று மாற்றினோம். சுத்தம் செய்பவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூடுதல் நேரக் கட்டணத்தில் பாதி என்ற வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "இத எல்லாரும் படிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக நான் கேட்டது ரத்து பற்றிய வரியை. பழைய தாளில் 'எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்தது. நிச்சயமான பிறகு ஒரு பெண்ணுக்கு மனம் மாறினால், மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஏதோ தெரியவந்தால், வீட்டில் சொல்லப்படும் முதல் வாக்கியம் என்ன என்று என் வகுப்பில் இருந்த மாணவிகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்: "மண்டபத்துக்குப் பணம் கட்டியாச்சு." அந்தப் பணம் போய்விடும் என்பது அவளுக்கு எதிரான ஒரு சாட்சியாகிறது. மண்டபத்துக்கும் நட்டம் இருக்கிறது, முகூர்த்த நாளில் சும்மா கிடந்தால் அந்த வருமானம் திரும்பாது. இரண்டையும் வைத்துப் பேசி எழுதினோம். '60 நாளுக்கு முன் சொன்னால் முன்பணத்தில் 2,000 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவோம். அதற்குப் பிறகு சொன்னால், அதே நாளுக்கு வேறொருவர் பதிவு செய்ததும் அதே அளவு திருப்பித் தருவோம். காரணம் கேட்கமாட்டோம்.'

'காரணம் கேட்கமாட்டோம்' என்பது மாணவி சேர்த்த வரி. கல்யாணச் செலவைப் பெண் வீட்டார் தலையில் கட்டுவதை ஒரு தாளால் மாற்ற முடியாது. ஒன்றரை லட்சம் செலவு ஒன்றரை லட்சம்தான். அதை நான்கு மாதம் முன்னால் சொல்லலாம், அவ்வளவுதான் தாளால் முடிந்தது. வைகாசி முகூர்த்தங்களுக்கான பதிவுகள் புதிய தாளில் நடக்கின்றன. வருகிறவர்கள் இப்போது ஐந்து கேள்விகளில் மூன்றாவதைத்தான் முதலில் கேட்கிறார்களாம், ஒரு பந்திக்கு எத்தனை பேர் என்று. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்று மாணவி சொன்னாள்.